முதல் சம்பளம் ஊருக்குப் போன கதையைப் பாட்டாக்க நினைக்கிறீர்களா? எழுதுவதிலிருந்து வெளியிடுவது வரை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் போய் செம்பனை வந்து, லயத்தில் இருந்த நம் ஆட்கள் பாதிப் பேர் தாமானுக்குக் குடிபோய், அந்த வீடுகளில் இப்போது ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்த தம்பிகள் தங்கியிருக்கிறார்கள். பரமக்குடி பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பியின் முதல் சம்பளத்தைப் பற்றி நானும் இரண்டு நண்பர்களும் ஒரு பாட்டு செய்தோம். எழுதுவதில் பட்ட சிரமத்தைவிட அதற்கப்புறம் காகிதம், காசு, நாள் என்று பட்ட சிரமம்தான் அதிகம், கேட்கவும் ஆள் கிடைக்கவில்லை. அதனால் வரிசையாக எழுதி வைக்கிறேன். முதல் முறையாக ஒரு பாட்டு எழுதிப் பதிவு செய்யப்போகிறவர்களுக்குத்தான் இது.

1. பேனாவை எடுக்கும் முன் சம்பளச் சீட்டைப் பாருங்கள்

இந்த மாதிரிப் பாட்டு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் "கை நிறையச் சம்பளம்" என்றுதான் தொடங்குகிறார்கள். முதல் சம்பளம் கை நிறைய வராது. அதைச் சீட்டைப் பார்த்தால்தான் தெரிந்துகொள்ள முடியும், பாட்டின் பெருமையும் வலியும் அந்தக் கழிவுகளுக்கு நடுவில்தான் இருக்கின்றன.

எங்கள் தம்பியின் கணக்கைச் சொல்கிறேன். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்த ஆண்டு அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இபிஎஃப் இரண்டு விழுக்காடு பிடிக்கிறார்கள், அது 34 வெள்ளி. சொக்சோவுக்குச் சில வெள்ளி. வந்து இறங்கிய வாரம் பாய், தட்டு, அடுப்பு, சிம் கார்டு வாங்க எடுத்த முன்பணம் 300 கழிந்தது. மாதம் முழுக்கக் கடையில் பற்று வைத்துச் சாப்பிட்டது ஏறக்குறைய 400. எல்லாம் போக 950 சொச்சம் மிஞ்சியது, அதில் 800 ஊருக்குப் போனது. மிச்சம் இருந்த நூற்றைம்பது வெள்ளியில் பணம் அனுப்பும் கட்டணத்தையும் கொடுத்துவிட்டு அடுத்த சம்பளம் வரை ஓட்டினான். மாத நடுவில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் சம்பளம் இதைவிடக் குறைவாக வரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எண்ணூறு" என்ற எண் கிடைத்ததும்தான் எங்களுக்குப் பாட்டே கிடைத்தது. கற்பனையாக ஓர் எண்ணைப் போட்டிருந்தால் இரண்டாயிரம் மூவாயிரம் என்று எழுதியிருப்போம், தோட்டத்தில் வேலை செய்கிற ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

2. அனுப்பிய ரசீதைப் பார்த்துக் கேள்வி கேளுங்கள்

வேலைச் சட்டப்படி மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் சம்பளம் வரவேண்டும். அதற்கடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைதான் டவுனில் பணம் அனுப்பும் கடை நிரம்பும் நாள். நீங்களும் அன்றைக்கு அந்தத் தம்பியோடு போய் வரிசையில் நில்லுங்கள். பாட்டுக்கு வேண்டியது முக்கால்வாசி அங்கேயே கிடைத்துவிடும்.

கடையில் கடப்பிதழும் செல்லுபடியாகும் பெர்மிட்டும் கேட்பார்கள். வாங்குகிறவரின் வங்கிக் கணக்கு எண், கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடு, பாஸ்புக்கில் உள்ளபடியே பெயர், இதெல்லாம் வேண்டும். பாஸ்புக்கில் அம்மா பெயர் இனிஷியலோடு இருந்து, இங்கே இனிஷியல் இல்லாமல் எழுதிக் கொடுத்தால் பணம் நடுவில் நின்றுவிடுவது உண்டு. அன்றைய விலையைக் கடையில் எழுதி ஒட்டியிருப்பார்கள். கணக்கு எளிதாக இருக்க ஒரு வெள்ளிக்கு இருபது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 800 வெள்ளி 16,000 ரூபாய். உண்மையான விலை நாளுக்கு நாள் மாறும், அதனால் பாட்டில் ரூபாய்க் கணக்கை வைக்காதீர்கள், வெள்ளிக் கணக்கை மட்டும் வையுங்கள். பேங்க் நெகாரா உரிமம் சுவரில் மாட்டியிருக்கும் கடைக்கே போகச் சொல்லுங்கள். உரிமம் இல்லாத உண்டியல்காரரிடம் ரசீது இல்லாமல் கொடுத்து அனுப்பினால் பணம் வராதபோது யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

அப்புறம் கேள்விகள். "எப்படி உணர்ந்தாய்" என்று கேட்டால் "சந்தோஷமா இருந்துச்சுண்ணே" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. நான் கேட்டவை வேறு. ரசீதை எங்கே வைத்தாய்? ஊரில் போனை முதலில் எடுத்தது யார்? பணம் வந்ததும் எதற்கு முதலில் கொடுத்தார்கள்? நீ எதைச் சொல்லவில்லை?

ரசீதை நாலாக மடித்துப் போன் உறைக்குள் வைத்திருந்தான். பணம் ஏறியதும் பாஸ்புக்கில் அந்த ஒரு வரியை அச்சடித்து வாங்கி, படம் எடுத்து அனுப்பச் சொல்லி அம்மாவைக் கேட்டிருக்கிறான். அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவன் பெயர் வருகிற இடத்தை எனக்குக் காட்டினான். ஏஜண்டுக்குக் கட்ட வட்டிக்கு வாங்கிய பணத்துக்குத்தான் முதலில் போனதாம். குலை வெட்டும் நீளக் கம்பைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை புண்ணானதை வீட்டில் சொல்லவில்லை, வீடியோ அழைப்பில் கையைக் கீழேயே வைத்துக்கொள்வானாம்.

இப்படி நாலு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் நிறுத்திவிடலாம். இன்னும் தோண்டினால் அந்தப் பிள்ளைக்குக் கஷ்டம், பாட்டுக்கும் அவ்வளவு இடம் இல்லை.

3. பல்லவியை மாத்திரை எண்ணி எழுதுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். கவிதையாக எழுதிக்கொண்டு போனால் இசையமைப்பவர் "நல்லா இருக்கு, ஆனா உட்காரல" என்பார். உட்கார வைக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, குறிலோடு புள்ளி எழுத்து சேர்ந்தால் இரண்டு. நெடிலோடு புள்ளி சேர்ந்தாலும் இரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரம் பாடும்போது குறுகி ஒன்றாகிவிடும். ஆதி தாளத்தில் ஒரு சுற்றுக்கு எட்டு அடி. அடிக்கு இரண்டு மாத்திரை வைத்தால் சுற்றுக்குப் பதினாறு.

எங்கள் பல்லவி இது:

எண்ணூறு வெள்ளி அனுப்பிவச்சேன் – அம்மா
எண்ணிப் பார்த்தியா?
உள்ளங்கை புண்ண மறைச்சுவச்சேன் – அம்மா
கனவில் பார்த்தியா?

முதல் வரியை எண்ணிப் பாருங்கள். எண்-ணூ-று ஐந்து, வெள்-ளி மூன்று, அது எட்டு. அ-னுப்-பி நாலு, வச்-சேன் நாலு, அது இன்னோர் எட்டு. ஆகப் பதினாறு, ஒரு சுற்று முடிந்தது. "அம்மா" அடுத்த சுற்றின் முதல் அடியில் விழும், அதாவது தாளம் தட்டும்போது கை அழுத்தி விழுகிற இடத்தில். அம்-மா நாலு, எண்-ணிப் நாலு, பார்த்-தி-யா ஐந்து, மொத்தம் பதிமூன்று. மிச்சம் மூன்று மாத்திரை அமைதி. பாடுகிறவர் மூச்சு வாங்குவதும் கேட்கிறவருக்குக் கேள்வி உறைப்பதும் அந்த மூன்று மாத்திரையில்தான், அதை நிரப்பச் சொல்லி யார் கேட்டாலும் நிரப்பாதீர்கள்.

மூன்றாம் வரியும் அதே கணக்கு: உள்-ளங்-கை ஐந்து, புண்-ண மூன்று, ம-றைச்-சு நாலு, வச்-சேன் நாலு. "அனுப்பிவச்சேன்" இருந்த இடத்திலேயே "மறைச்சுவச்சேன்" வருவதால் மெட்டு மாறாது. அனுப்பியது பெருமை, மறைத்தது வலி, இரண்டும் ஒரே மெட்டில் வரும்போது சோகத்துக்கென்று தனியாக ஒரு வயலின் வைக்கத் தேவையே இல்லை. முதலில் "உள்ளங்கையின் காயத்தை மறைத்துவைத்தேன்" என்று எழுத்து நடையில் இருந்தது. எண்ணினால் பதினாறைத் தாண்டிப் போகிறது, அந்தத் தம்பி பேசுகிற மாதிரியும் இல்லை. வரி உட்காரவில்லை என்றால் பேச்சுவழக்கில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், பாதி நேரம் அதுவே சரியாகிவிடும்.

4. சரணத்தில் ஊர் நேரத்தையும் தோட்ட நேரத்தையும் மோத விடுங்கள்

மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறது. காலை ஆறு மணிக்கு இவன் ஆள் எண்ணும் பிரட்டுக்கு நிற்கும்போது அங்கே அம்மா தூக்கத்தில், மணி மூன்றரை. இங்கே இரவு ஏழரைக்கு இருட்டிய பிறகு இவன் போன் போட்டால் அங்கே மாலை ஐந்து, வெயில் இன்னும் இறங்கவில்லை. "தூரம்", "கடல் கடந்து", "பிரிவு" என்ற சொல் ஒன்றுகூட இல்லாமல் தூரத்தைச் சொல்ல இது போதும்.

இங்கே இருட்டி விளக்கெரியும்
அங்கே இன்னும் வெயில்காயும்
போன்ல உன்குரல் கேட்குதம்மா
சாப்டேன் சாப்டேன் என்கிறேம்மா

நாலு வரியும் வரிக்குப் பதினைந்து மாத்திரை, ஒன்று மூச்சுக்கு. இரண்டாம் சரணத்தை ஊர் பக்கம் திருப்பினோம். "வட்டிக் காரன் வாசலில்நீ, நிமிர்ந்தே நின்னு எண்ணிவைம்மா" என்ற இரண்டு வரிதான் அதற்கு உயிர். மீதி இரண்டு வரியை இசையமைத்த நண்பர் மாற்றச் சொன்னார், மாற்றினோம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "நீ இனி கஷ்டப்பட வேண்டாம் அம்மா, மாளிகை கட்டுவேன்" என்று கடைசிச் சரணத்தை முடிக்கக் கை தானாகப் போகும். எண்ணூறு வெள்ளி அனுப்பியவன் அதைச் சொல்ல மாட்டான். அடுத்த மாதம் எவ்வளவு அனுப்பலாம் என்ற கணக்குதான் அவன் மனதில் ஓடும். அதோடு நிறுத்திப் பல்லவிக்குத் திரும்பிவிடுங்கள்.

நீளத்தையும் இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 80 அடி வேகத்தில் எட்டு அடிச் சுற்று ஆறு விநாடி. பல்லவி நாலு சுற்று, 24 விநாடி. இரண்டு தடவை பாடினால் 48. சரணத்தில் இரண்டிரண்டு வரியாகத் திருப்பிப் பாடினால் ஒரு சரணம் 48. நடுவில் ஒரு பல்லவி, 24 விநாடி இசை, இரண்டாம் சரணம், கடைசிப் பல்லவி. கூட்டினால் 216 விநாடி, மூன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். மூன்றாவது சரணம் எழுதத் தோன்றினால் இந்தக் கணக்கை ஒரு முறை பாருங்கள்.

5. பதிவு: வீட்டில் முதலில், ஸ்டூடியோவில் பிறகு

தம்பூரா செயலியும் தாளம் தட்டும் செயலியும் போனில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேகத்தை 80இல் வைத்து, காதில் மாட்டிக்கொண்டு, பாடுகிறவரை முழுப் பாட்டையும் ஒரு தடவை போனில் பாட வையுங்கள். இதை மாதிரிப் பதிவு என்று வைத்துக்கொள்ளலாம், இது கையில் இல்லாமல் ஸ்டூடியோவுக்குப் போனால் மணிக்கணக்கில் காசு கொடுத்து அங்கே உட்கார்ந்து வரி திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

லயத்து வீட்டில் பதிவு செய்வதென்றால் நேரம் பார்க்கவேண்டும். பிற்பகல் மழை தகரக் கூரையில் விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது, மழை விட்ட பிறகு தவளை. இரவு பத்துக்கு மேல் மழை இல்லாத நாளில் எங்களுக்கு நன்றாக வந்தது. மின்விசிறியை நிறுத்துங்கள், போனை விமான நிலையில் போடுங்கள், பாடுகிறவருக்கு முன்னால் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். உச்சத்தில் பாடும் இடத்தைத் திரும்பக் கேளுங்கள். அங்கே குரல் கரகரவென்று உடைந்தால் போன் மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப் பதிவானதைப் பிறகு எந்தக் கருவியாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது, அதே இடத்தில் திரும்பப் பாடத்தான் வேண்டும்.

ஸ்டூடியோ என்றால் எங்கள் பக்கத்திலும் ஈப்போவிலும் நாங்கள் விசாரித்தபோது மணிக்கு ஐம்பது அறுபது வெள்ளியில் தொடங்கியது. குரல் பதிவும் கலவையும் தனித்தனி விலை, சேர்த்துக் கேளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் ஒன்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: வேலை முடிந்ததும் குரல் தனியாக, இசை தனியாக, கலந்தது தனியாக எல்லாக் கோப்புகளும் உங்களுக்கு வரவேண்டும். எங்களுக்கு ஓர் இடத்தில் கலந்த கோப்பை மட்டும் கொடுத்துவிட்டு, குரலைத் தனியாகக் கேட்டபோது இன்னொரு தொகை சொன்னார்கள். வாங்காமலும் இருக்க முடியாது, வானொலிக்கு ஒரு இடத்தைத் திருத்த வேண்டுமென்றால் அது வேண்டும்.

இணையத்தில் "இலவசம்" என்று கிடைக்கும் பின்னணி இசையை எடுத்துப் பாடிவிடாதீர்கள். பெரும்பாலும் அது சொந்தமாகப் பாடிப் பார்க்க மட்டும்தான் இலவசம். அதே இசையை இன்னொருவர் முதலில் பதிவு செய்திருந்தால் உங்கள் பாட்டு யூடியூபில் ஏறியதும் உரிமைக் கோரிக்கை வந்து, வரும் காசு அவருக்குப் போய்விடும். ஒரு கிட்டாரும் ஒரு தபேலாவும் போதும் இந்தப் பாட்டுக்கு.

6. காகிதங்கள்

எவ்வளவு நெருங்கிய நண்பர்களாக இருந்தாலும், பதிவுக்கு முன்னால் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, பாடியவருக்கு ஒரு தடவைத் தொகையா பங்கா, வரும் காசில் யாருக்கு எத்தனை விழுக்காடு. எல்லார் அடையாள அட்டை எண்ணும் அதில் இருக்கட்டும். எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்கான உரிமைத்தொகை அமைப்பான எம்ஏசிபியில் சேர்ந்தால் பாட்டு பொதுவில் ஒலிபரப்பாகும்போது அவர்களுக்கு உரிமைத்தொகை வரும், அங்கே பாட்டைப் பதியும்போது இதே விழுக்காட்டைத்தான் கேட்பார்கள்.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுத்திலோ ஒலியிலோ பதிவான உடனே உரிமை தானாகவே வந்துவிடும், எழுதியவர் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும் நிற்கும். ஆனால் சண்டை வந்தால் காட்ட ஒரு சான்று வேண்டும். அதற்கு அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் தாமாக முன்வந்து அறிவிக்கும் முறை இருக்கிறது. சத்தியப் பிரமாணம் ஒன்றும் பாட்டின் பிரதியும் வைக்கவேண்டும். பிரமாணத்தைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போடவேண்டும், பெரும்பாலும் நீதிமன்றத்தைச் சுற்றி அவர்களுக்கு அலுவலகம் இருக்கும். அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அவர் கண் முன்னால்தான் போடவேண்டும்.

அப்புறம், கதை கொடுத்த தம்பியின் சம்மதம். இதை மற்றவற்றைவிட முக்கியமாக நினைக்கிறேன். அவன் பெர்மிட் முதலாளி பெயரில் இருக்கிறது. பாட்டில் சம்பளப் பிடித்தம் பற்றி வந்து, வீடியோவில் அவன் முகமும் தோட்டத்துப் பலகையும் தெரிந்தால் பதில் சொல்லவேண்டியவன் அவன்தான், நாம் இல்லை. எழுதிய வரிகளை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள், எதை எடுக்கச் சொல்கிறானோ எடுத்துவிடுங்கள். எங்கள் பாட்டில் ஊர்ப் பெயர் இருந்தது, அக்காவின் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று எடுக்கச் சொன்னான், எடுத்தோம். ரசீதைப் படத்தில் காட்டினால் கணக்கு எண், கடப்பிதழ் எண் இரண்டையும் முழுசாக மறையுங்கள், லேசாக மங்கலாக்கினால் போதாது. தோட்டத்துக்குள் படம் பிடிக்க மேலாளரிடம் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கவேண்டும். கிடைக்கவில்லையென்றால் டவுன் பேருந்து நிலையத்திலும் பொதுச் சாலை ஓரத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. வெளியிடும் நாள்

தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதத்தைத் தவிருங்கள். அப்போது பண்டிகைப் பாட்டுகள் குவியும், அம்மாவுக்குப் பணம் அனுப்பிய பாட்டு அதில் காணாமல் போகும். பொங்கல் முடிந்து வரும் வாரங்கள் பரவாயில்லை. நாள் என்று பார்த்தால் மாதத்தின் எட்டு, ஒன்பது தேதி நல்லது, சம்பளம் கைக்கு வந்து எல்லாரும் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் நேரம், பகிர்கிறவர்களும் அவர்கள்தான்.

பாடல் செயலிகளில் ஏற்ற ஒரு விநியோகஸ்தர் வழியாகப் போகவேண்டும். சதுரமான அட்டைப்படம் ஒவ்வொரு பக்கமும் 3,000 பிக்சல், ஒலிக்கோப்பு சுருக்கப்படாத வடிவில், எழுதியவர் இசையமைத்தவர் முழுப் பெயர், இவ்வளவும் கேட்பார்கள். உங்கள் பதிவை அடையாளம் காட்டும் பன்னிரண்டு எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணை அவர்களே போட்டுத் தருவார்கள், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே எண்ணைத்தான் கொடுக்கவேண்டும். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதப்போகிறீர்கள் என்று முதலிலேயே ஒன்றை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள், இல்லையென்றால் ஒரே பாட்டு இரண்டு பாட்டாகத் தெரியும். வெளியீட்டு நாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் ஏற்றிவிடுங்கள்.

மின்னல் எஃப்எம் போன்ற வானொலிக்குக் கொடுப்பதென்றால் ஒலிக்கோப்போடு வரிகளைத் தட்டச்சு செய்து, யார் யார் என்ற விவரமும் தொடர்பு எண்ணும் ஒரே பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் நாள்களில் மற்ற வேலையைப் பாருங்கள்.

எங்களுக்கு ஸ்டூடியோ, தபேலா வாசித்தவர், கலவை, பிரமாணம், விநியோகம் எல்லாம் சேர்த்து ஆயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. வீடியோவுக்குப் போனிலேயே எடுத்ததால் பெட்ரோல் காசு மட்டும். பாட்டு ஊருக்கு முதலில் போகட்டும் என்று தம்பி ஆசைப்பட்டால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், ஒலி கெடாது. அங்கே மாலை நேரமாகப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள், காலையில் அனுப்பினால் அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்.